அடுத்த திகதி எங்கிருந்து எண்ணப்படுகிறது?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிளினிக்குகளில் என்னிடம் வரும் தாய்மாரில் பலர், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலுள்ள தடுப்பூசி விபரங்களைத் தடுப்பூசி, போட்ட திகதி, அடுத்த திகதி என்று மூன்று நிரல்களாகத் தமது கொப்பியிலோ கைபேசியிலோ எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிரல்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை மூன்றாவதில்தான் நேர்கிறது. ஒரு ஊசி பிந்தியதும் அடுத்து வரும் எல்லாத் திகதிகளையும் அதே அளவுக்குப் பின்தள்ளிவிடுகிறார்கள், அல்லது எதையுமே தள்ளாமல் பிறந்த திகதியிலிருந்து எண்ணியதையே எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

அண்மையில் நான் எழுதிக்கொடுத்த அட்டவணை ஒன்றைப் பாருங்கள். பிள்ளை பிறந்தது 2023.08.12. கிளினிக் நடப்பது செவ்வாய்க்கிழமைகளில். இரண்டு மாதத்துக்குரிய பென்டாவலன்ட் முதல் ஊசி, ஐந்து நாள் பிந்தி 2023.10.17 அன்று போடப்பட்டது. நான்காம் மாத ஊசி டிசம்பர் 12இல் போடப்பட்டிருக்க வேண்டும். மாரி மழையில் வீதி மூடிக் கிடந்ததால், 2024.01.30 அன்றுதான் அந்தத் தாயால் வர முடிந்தது. ஆறு மாதம் நிறைவது பெப்ரவரி 12. அவர் தனது கொப்பியில் மூன்றாவது ஊசிக்கு அந்தத் திகதியையே எழுதியிருந்தார். ஆனால் இரண்டாவது ஊசிக்கும் அதற்கும் இடையே பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. முந்திய ஊசியால் உடலில் உருவாகும் எதிர்ப்புத் தன்மை வலுப்பெறக் காலம் தேவை என்பதால், எமது தேசிய அட்டவணையில் இருப்பதுபோல் இரண்டு மாத இடைவெளி விட்டு மார்ச் 30 என்று கணக்கிட்டேன். அது சனிக்கிழமையாக இருந்ததால், அதற்கு அடுத்த செவ்வாயான ஏப்ரல் 2 என எழுதினேன்.

"அப்ப மற்ற ஊசியளும் பிந்துமோ மிஸ்?" என்று அந்தத் தாய் கேட்டார். பிந்தாது. ஒன்பது மாதத்தில் போடப்படும் எம்.எம்.ஆர் வேறொரு மருந்து. அதன் திகதி பிள்ளையின் வயதைப் பொறுத்தது, பென்டாவலன்ட் ஊசியின் தாமதத்தைப் பொறுத்ததல்ல. எனவே ஒன்பது மாதம் நிறையும் 2024.05.12க்கு அடுத்த செவ்வாயான 2024.05.14 என்றே அந்த வரிசையில் இருக்க வேண்டும். பிந்திய ஊசிக்காகத் தொடரை முதலிலிருந்து ஆரம்பிக்கவும் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

இதே பிள்ளைக்கு எம்.எம்.ஆரும் பிந்தியது. குடும்பம் மன்னாரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்ததால் 2024.07.23 அன்றுதான் அது போடப்பட்டது. அடுத்தது ஜப்பானிய மூளையழற்சி ஊசி. அதற்குரிய பன்னிரண்டு மாதம் ஓகஸ்ட் 12இல் நிறைகிறது, மறுநாளே கிளினிக் நாளும் வருகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். எம்.எம்.ஆர், ஜப்பானிய மூளையழற்சி ஊசி ஆகிய இரண்டும் உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமிகளைக் கொண்டவை. இவ்வாறான ஊசிகளை ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் நான்கு வாரமாவது விட வேண்டும், ஏனெனில் முதலாவது தூண்டிய எதிர்ப்பு, இரண்டாவதன் வேலையைத் தடுக்கக்கூடும். ஜூலை 23இலிருந்து இருபத்தெட்டு நாள் எண்ணினால் ஓகஸ்ட் 20 வருகிறது. அதுவும் செவ்வாய்தான்.

| தடுப்பூசி | போட்ட திகதி | அடுத்தது |
|---|---|---|
| பென்டாவலன்ட் 1 | 2023.10.17 | 2023.12.12 |
| பென்டாவலன்ட் 2 | 2024.01.30 | 2024.04.02 |
| எம்.எம்.ஆர் 1 | 2024.07.23 | ஜப்பானிய மூளையழற்சி: 2024.08.20, எம்.எம்.ஆர் 2: 3 வயதில் |

போலியோ சொட்டு மருந்தும் பென்டாவலன்ட் ஊசியும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டாலும் தனித்தனி வரிசையாக எழுதுவதே நல்லது. ஒன்று கொடுக்கப்பட்டு மற்றது தவறிய நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டையிலிருந்து திகதியை எடுக்கும்போது ஏற்படும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 07.05.24 என்றிருந்தால் அது மே 7ஆ, ஜூலை 5ஆ என்ற ஐயம் வரும். அதே பதிவேட்டிலுள்ள நிறை வரைபடத்தைத் திருப்பிப் பாருங்கள், ஊசி போட்ட நாளில் பிள்ளையை நிறுத்திருந்தால் அங்கும் ஒரு புள்ளி இருக்கும். கிளினிக் கிழமையும் உதவும்: 2024 மே 7 செவ்வாய், ஜூலை 5 வெள்ளி. அருகில் எழுதியிருக்கும் மருந்தின் தொகுதி இலக்கத்தைத் திகதியென்று எடுத்துவிடவும் கூடாது. அடுத்த வருகைக்காகக் குறித்துத் தந்த திகதியை ஊசி போட்ட திகதியாக எழுதிவிடுவதும் நடக்கிறது.

அட்டையில் திகதி இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். "போட்டது ஞாபகம்" என்பதை நம்பி, அட்டவணையில் வரவேண்டிய திகதியை அங்கே நிரப்பினால், அடுத்து வருபவர் அதைப் போட்ட ஊசியாகவே எண்ணுவார். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உள்ள பதிவில் தேடிப் பார்க்கலாம். அங்கும் கிடைக்காவிட்டால் அந்த ஊசியைத் திரும்பப் போடுவதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் அட்டைகளில் பென்டாவலன்ட் 6, 10, 14 வாரங்களில் போடப்பட்டிருக்கும். அவற்றைப் பிழையென்று எண்ண வேண்டாம், நான்கு வார இடைவெளி அங்கே முறையானது. ஆனால் அங்கு ஒன்பது மாதத்தில் போடப்படும் எம்.ஆர் ஊசியில் கூகைக்கட்டுக்கான பகுதி இல்லை. அதை எம்.எம்.ஆர் என்று மாற்றி எழுதாமல், அட்டையில் உள்ளபடியே எழுதி, அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.