ஆண்டறிக்கை வாசிக்கப் போற ஹெச்.எம்.களுக்கு

நான் ஒரு அரசு நடுநிலைப்பள்ளில ஹெச்.எம்.மா இருக்கேன். முதல் வருஷம் ஆண்டு விழாவுல ஆறு பக்க ஆண்டறிக்கைய நிறுத்தாம வாசிச்சேன், முடிச்சு இறங்கினதும் ஒரு அம்மா வந்து "டீச்சர், எண்பத்தஞ்சு சதவீதம்னு சொன்னீங்களே, அதுல எங்க பையன் இருக்கானா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. அன்னைக்கே சதவீதம் சொல்றத விட்டுட்டேன்.

இப்ப மொத்தமே இருபது நிமிஷம்தான். போன வருஷம் என்ன செய்றோம்னு சொன்னோமோ, அதுல இருந்துதான் ஆரம்பிப்பேன். உதாரணத்துக்கு எங்க மூணாம் வகுப்புல 28 பிள்ளைங்க, ஜூன்ல நாலு வரி கதைய திக்காம வாசிச்சவங்க 9 பேர், மார்ச்ல 21 பேர். இத தலைகள எண்ணி சொன்னா எல்லாருக்கும் புரியுது. மீதி 7 பேர் பேர மேடையில சொல்லவே கூடாது, ஆனா 7 பேர் இருக்காங்கங்கறத மறைக்கவும் கூடாது, ஏன்னா அந்த வீட்டுக்காரங்களும் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. அதுல 5 பேர் அறுவடை சீசன்ல வாரக்கணக்கா ஸ்கூலுக்கு வரலங்கறது வருகைப் பதிவேட்டப் பார்த்தா தெரியும். அத குத்தமா பேசாம, அந்த மாசங்கள்ல பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போகலாம்னு அங்கேயே பேசணும். விளையாட்டு, கலைப் பரிசெல்லாம் ரெண்டு நிமிஷம் போதும், பிள்ளைங்க மேடையில வந்து நிக்கப் போறாங்கல்ல.

அடுத்த வருஷத் திட்டத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறோம். "கல்வித் தரத்தை உயர்த்துவோம்"னு சொன்னா பெத்தவங்க செய்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. நான் ஒரே ஒரு விஷயத்த மட்டும் விரிவா எடுத்துக்குவேன், எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. தேர்வாகி ஒழுங்கா தொடர்ந்தா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா, நாலு வருஷத்துல 48,000. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்த தாண்டக் கூடாது. அதனால ஆகஸ்ட்லயே இ-சேவை மையத்துல வருமானச் சான்றுக்கு விண்ணப்பிச்சிடுங்க, பிள்ளை பேர்ல பேங்க் கணக்கு இருக்கான்னும் பாத்துக்குங்கன்னு சொல்லுவேன். ஸ்கூல் பக்கம் ஜூலைல இருந்து சாயங்காலம் அரை மணி நேரம் மனத்திறன் பயிற்சி, அத எந்த டீச்சர் எடுக்கறாங்கன்னும் சொல்லிடுவேன். யாரு, எந்த மாசம்னு ரெண்டும் இல்லாத திட்டத்த அறிக்கையில எழுதாதீங்க.

திட்டத்த சார்ட்டுல பெருசா எழுதி சத்துணவுக் கூடத்துச் சுவத்துல ஒட்டிடுவோம், பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் நடக்கறப்பல்லாம் முடிஞ்சதுக்கு டிக் போடுவோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு அதே சார்ட்டு மேடைக்கு வரும்.

கடைசி அஞ்சு நிமிஷம் அம்மாக்கள் பேசட்டும். முதல் கேள்வி பெரும்பாலும் பாத்ரூம்ல தண்ணி வருதாங்கறதுதான், அதுக்குப் பதில கையில வச்சுக்கிட்டே மேடை ஏறுங்க.