வேலையை விடும் முன் ஈசாப் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது எப்படி

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத இந்திய நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்து, கையில் ஊழியர் பங்கு உரிமைக் கடிதம், அதாவது ஈசாப் கடிதம் வைத்திருந்து, விரைவில் ராஜினாமா செய்யவிருப்பவருக்காக இது எழுதப்படுகிறது. வேலையில் தொடரும்வரை இந்தக் கணக்கில் உள்ள பிழைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. விலகும்போதுதான் உரிமை எத்தனை, கட்ட வேண்டிய பணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில், குறுகிய கெடுவுடன் வந்து நிற்கின்றன.

சட்டப் பின்னணி சுருக்கமானது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுப் பங்கு மூலதன விதிகளில் 12ஆம் விதி இதை ஆள்கிறது. உரிமை வழங்கப்பட்ட நாளுக்கும் அது முதன்முதலாகக் கைவசமாகும், அதாவது பங்காக மாற்றிக்கொள்ளத் தகுதி பெறும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். ராஜினாமா செய்தால், அன்றுவரை கைவசமாகாதவை காலாவதியாகிவிடும். கைவசமானவற்றை எத்தனை நாளுக்குள் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நிறுவனத்தின் திட்ட ஆவணம்தான் சொல்கிறது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “சட்டப்படி எனக்கு அவகாசம் உண்டு” என்று எண்ணிக் காத்திருந்தவரிடம், திட்ட ஆவணத்தின் ஒரு வரியைக் காட்டி, “உங்கள் கெடு முடிந்துவிட்டது” என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அந்தத் திட்ட ஆவணத்தை அதுவரை அவர் கண்ணில் காட்டியிருக்கவும் மாட்டார்கள்.

எனவே முதல் வேலை, ராஜினாமாக் கடிதத்தை அனுப்பும் முன்பே திட்ட ஆவணத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குவது. வழங்கல் கடிதம் மட்டும் போதாது. மனிதவளப் பிரிவில் கேட்டால் நிதிப் பிரிவைக் கேளுங்கள் என்பார்கள். நிதிப் பிரிவில் கேட்டால், எல்லாம் இணையத் தளத்தில் இருக்கிறதே என்பார்கள். இந்த இருவரிடமும் அலைவதைவிட, நிறுவனச் செயலருக்கு நேரடியாக எழுதுவதே மேல். வழங்கப்பட்ட உரிமைகளை எஸ்எச்-6 என்ற பதிவேட்டில் நிறுவனம் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்று அதே 12ஆம் விதி சொல்கிறது. “அந்தப் பதிவேட்டில் என் பெயரில் உள்ள வழங்கல் நாள், எண்ணிக்கை, கைவசமான எண்ணிக்கை, விலை ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரே வாக்கியத்தில் கேட்டால், வாய்மொழியாகச் சமாளிக்க இடமிருக்காது.

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவர் பணியில் சேர்ந்தது 2022 ஜனவரியில். நேர்காணலின்போதே பங்கு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வழங்கல் கடிதத்தில் உள்ள நாள் 1 ஜூலை 2022. காலம் ஓடத் தொடங்குவது அந்த நாளிலிருந்துதான். சேர்ந்த நாளிலிருந்து அல்ல. வாக்குறுதிக்கும் கடிதத்துக்கும் இடைப்பட்ட ஆறு மாதம் அவருக்கு அப்படியே போயிற்று. (சில கடிதங்களில் தொடக்க நாளைச் சேர்ந்த நாளுக்கே முன்தேதியிட்டிருப்பார்கள். அப்போதும் முதல் தவணை, வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு ஆகும் முன் கைவசமாகாது.)

வழங்கியது 4,800 உரிமைகள். ஓராண்டு முடிவில் 25 சதவீதம், அதாவது 1,200. மீதி 3,600, அடுத்த மூன்றாண்டுகளில் காலாண்டுக்கு 300 வீதம். ஓர் உரிமையைப் பங்காக மாற்றக் கட்ட வேண்டிய விலை 50 ரூபாய். அவருடைய கடைசிப் பணிநாள் 20 டிசம்பர் 2025.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. 48 மாதத்தில் 41 மாதம் முடிந்துவிட்டது, ஆகவே 4,100. நிறுவனத்தின் இணையத் தளமும் ஒரு வட்டப்படத்தில் ஏறத்தாழ அதே விகிதத்தைத்தான் காட்டியது. ஆனால் கடிதத்தில் இருப்பது மாதக் கணக்கு அல்ல, காலாண்டுக் கணக்கு. 1 ஜூலை 2023 அன்று 1,200. அதன்பின் 1 அக்டோபர் 2023 தொடங்கி 1 அக்டோபர் 2025 வரை ஒன்பது காலாண்டுகள், 2,700. மொத்தம் 3,900. அடுத்த 300 கைவசமாகியிருக்க வேண்டிய நாள் 1 ஜனவரி 2026. பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் அவை அவருடையவை. அறிவிப்புக் காலத்தை இரு வாரம் நீட்டித்துக் கேட்பதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது; யாரும் சொல்லவில்லை என்பதே குறை. தவணை நாள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, கடைசிப் பணிநாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே விலகும் நாளை முடிவு செய்ய வேண்டும். உரிமை கைவசமாவது நிற்பது அறிவிப்பு கொடுத்த நாளிலா, கடைசிப் பணிநாளிலா என்பதையும் திட்ட ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பங்காக மாற்ற ஆகும் தொகை எளிய பெருக்கல்: 3,900 × 50 = 1,95,000 ரூபாய். இவ்வளவுதான் செலவு என்று நினைத்துச் சேமிப்பைத் திரட்டி வருபவர்கள், அடுத்த கட்டத்தில் திகைத்துப் போகிறார்கள்.

பங்காக மாற்றும் நாளில் அந்தப் பங்குக்குள்ள நியாயச் சந்தை மதிப்பிலிருந்து நீங்கள் கட்டிய விலையைக் கழித்தால் வருவது, சம்பளத்தோடு சேரும் சலுகை வருமானமாகும். பங்கை விற்றுப் பணம் பார்த்தீர்களா என்பதை வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை. பட்டியலிடப்படாத நிறுவனமானால், இந்த மதிப்பை முதல் வகைப் பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் கணிக்க வேண்டும். அவர் கணித்த மதிப்பின் நாள், நீங்கள் மாற்றும் நாளாக இருக்கலாம். அல்லது அதற்கு முந்தைய 180 நாளுக்குள் இருக்கலாம்.

நம் பொறியாளர் பங்காக மாற்ற விண்ணப்பித்தது 10 மார்ச் 2026. ஆகவே 11 செப்டம்பர் 2025க்கு முந்தைய மதிப்பறிக்கை அவருக்குச் செல்லாது. நிறுவனத்திடம் இருந்த அறிக்கை 30 செப்டம்பர் 2025 தேதியிட்டது. மதிப்பு 410 ரூபாய். ஆனால் இணையத் தளத்தில் அவர் பெயருக்கு எதிரே நின்ற விலை 620. அது கடைசியாக வந்த முதலீட்டாளர்கள் தங்கள் முன்னுரிமைப் பங்குக்குக் கொடுத்த விலை. ஊழியரின் சாதாரணப் பங்குக்கு அது மதிப்பு அல்ல. வரிக் கணக்குக்கும் அது பொருந்தாது. அந்த எண் ஊழியரை மகிழ்விக்கவே அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். மதிப்பறிக்கையின் நாளையும் தொகையையும் எழுத்தில் வாங்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம்.

சரியான கணக்கு இது: 410இல் 50 போக 360, 3,900 பங்குக்கு 14,04,000 ரூபாய் சலுகை வருமானம். 2025-26 நிதியாண்டில் பழைய, புதிய இரு நிறுவனச் சம்பளமும் சேர்ந்து அவருடைய வரிக்குரிய வருமானம் 14 லட்சம். புதிய வரி முறையில் அதற்கு வரி 90,000. சலுகை வருமானம் சேர்ந்தால் 28,04,000 ஆகிறது, வரி 4,21,200. வேறுபாடு 3,31,200, அதன்மேல் 4 சதவீதச் செஸ் சேர்த்தால் 3,44,448 ரூபாய்.

நிதிப் பிரிவு கேட்டதோ 4,38,048. முழுத் தொகைக்கும் 30 சதவீதமும் செஸ்ஸும் என்று ஒரே அடியாகப் பெருக்கியிருந்தார்கள். சம்பளத்தில் வரிப் பிடித்தம் என்பது ஆண்டின் மொத்த வருமானத்துக்குரிய சராசரி விகிதத்தில் செய்ய வேண்டியது. புதிய நிறுவனச் சம்பள விவரத்தையும் எழுதிக் கொடுத்து, அடுக்கு வாரியாகக் கணக்கிடும்படி கேட்டால் சிலர் இணங்குகிறார்கள். இணங்காவிட்டால் கூடுதலாகப் போன 93,600 ரூபாய் கணக்குத் தாக்கல் செய்த பிறகே திரும்பி வரும். இதற்கு மாறாக, பழைய நிறுவனம் தான் கொடுத்த சம்பளத்தை மட்டும் வைத்துக் குறைவாகப் பிடித்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். மீதியை நீங்களேதான் கட்ட வேண்டும்; முன்கூட்டிய வரி தவறினால் வட்டியும் சேரும்.

ஆக, விண்ணப்ப நாளில் அவர் கையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை 1,95,000 அல்ல, 5,39,448. விலகியவருக்குப் பழைய நிறுவனத்தில் சம்பளம் இல்லாததால், வரியையும் வங்கி வழியாக முன்பே அனுப்பச் சொல்வார்கள். அதன் பிறகே பங்கு ஒதுக்கீடு. விற்க இடமில்லாத பங்குக்காக இவ்வளவு பணம் போடலாமா என்பது அவரவர் முடிவு. பின்னாளில் பங்கின் விலை விழுந்தால், அந்த நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்து இந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

“நாம் ஸ்டார்ட்அப், வரியைத் தள்ளிப் போடலாம்” என்று சொல்வார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்ற சான்று மட்டும் இதற்குப் போதாது. வருமான வரிச் சலுகைக்கான 80-ஐஏசி பிரிவின்கீழ் அமைச்சகங்களுக்கிடையிலான வாரியத்தின் சான்றும் வேண்டும். அந்தச் சான்றின் பிரதியைக் கேளுங்கள். அது இருந்தாலும், வேலையை விட்டுவிட்டால் 14 நாளுக்குள் வரி கட்டியாக வேண்டும். விலகுகிறவருக்கு இச்சலுகையால் பயனில்லை.

கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவருடைய திட்ட ஆவணத்தில் கடைசிப் பணிநாளிலிருந்து 90 நாள். அதாவது 20 மார்ச் 2026 வரை. விண்ணப்பம், பணம் இரண்டும் அதற்குள் சேர வேண்டும். டிமேட் கணக்கு இல்லையென்றால் அதைத் திறக்கும் நாள்களும் இதற்குள்தான் அடங்க வேண்டும். பங்குக்கு எந்த மதிப்பு என்பது விண்ணப்பித்த நாளைக் கொண்டு முடிவாகும். ஆனால் அந்த வருமானம் சேர்வது பங்கு ஒதுக்கப்பட்ட நிதியாண்டில். இயக்குநர் குழு மார்ச் இறுதிக்குள் கூடி ஒதுக்கினால் 2025-26. ஏப்ரலுக்குத் தள்ளினால் 2026-27, அதுவும் புதிய 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ். எந்த ஆண்டில் உங்கள் சம்பளம் குறைவோ அந்த ஆண்டு உங்களுக்கு நல்லது. குழு எப்போது கூடும் என்று முன்பே கேட்டு வைப்பதில் தவறில்லை.

ஒதுக்கீடு முடிந்ததும் படிவம் 16, அதனுடன் வரும் 12-பிஏ சலுகைப் பட்டியல், மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கையின் பிரதி ஆகிய மூன்றையும் வாங்கிவிட வேண்டும். பல ஆண்டு கழித்து இந்தப் பங்கை விற்கும்போது அதன் அடக்க விலை 410. நீங்கள் கட்டிய 50 அல்ல. அறிக்கை கையில் இல்லாமல் 50 என்றே கணக்கில் எழுதுகிறவர்கள், ஏற்கெனவே வரி கட்டிய 360 ரூபாய்க்கு மறுபடியும் வரி கட்டுகிறார்கள். அந்நேரத்தில் பழைய நிறுவனத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒருவர்கூட வேலையில் இருப்பதில்லை.