ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை முகம் வேண்டும்?

சிறு மளிகைக் கடையில் புதிய நொறுக்குத் தீனி விற்காமல் தேங்கினால், முதலில் ருசியையும் விலையையும்தான் சந்தேகப்படுவார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: கடைக்கு வந்தவர் கண்ணில் அந்தப் பாக்கெட் பட்டதா? தட்டில் இருப்பதும் கண்ணில் படுவதும் ஒன்றல்ல. நாலு பாக்கெட் பின்பக்கமாகச் சாய்ந்து, அடித்தையல் மட்டும் வெளியே தெரியும்படி கிடந்தால், கடைக்காரரின் கணக்கில் சரக்கு இருக்கிறது. வாங்க வந்தவருக்கு அது இல்லவே இல்லை.

இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஃபேசிங்’. தட்டின் முன்வரிசையில் முகம் காட்டி நிற்கும் ஒரு பாக்கெட்தான் ஒரு ஃபேசிங். அதன் பின்னால் ஆறு பாக்கெட் அடுக்கியிருந்தாலும் கணக்கு ஒன்றே. ஒரே சரக்கு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசையாக நின்றால் இரண்டு ஃபேசிங்.

ஒரு ஃபேசிங் இரண்டு வேலை செய்கிறது. முன்னால் நிற்கும் பாக்கெட் விளம்பரப் பலகை. பின்னால் நிற்பவை தண்ணீர்த் தொட்டி போல, அடுத்த சரக்கு வரும்வரை தாங்க வேண்டிய இருப்பு. ‘எத்தனை ஃபேசிங் வேண்டும்’ என்ற கேள்விக்கு இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். சரக்குப் போடுபவர்களில் பெரும்பாலானோர் முதல் வேலையை மட்டும் நினைத்துக்கொண்டு, ‘இன்னும் ரெண்டு வரிசை கொடுங்க’ என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறார்கள்.

விளம்பரப் பலகை வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். தட்டிடத்துக்கும் விற்பனைக்கும் உள்ள தொடர்பை அளந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. அதில் கிடைத்த சராசரி 0.17. அதாவது இடத்தை 1 சதவீதம் கூட்டினால் விற்பனை 0.17 சதவீதம் கூடும். இதை வைத்துப் பார்த்தால், இடத்தை இரட்டிப்பாக்கும்போது விற்பனை ஏறத்தாழ 12 சதவீதம்தான் ஏறுகிறது. ஒன்றை இரண்டாக்க ஒரு வரிசை போதும். அடுத்த 12 சதவீதத்துக்கு இரண்டை நான்காக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வரிசை பிடிக்கும். கைக்கு வரும் பலன் அதே அளவு, செலவாகும் இடமோ இரு மடங்கு. கடைக்காரர் மூன்றாவது வரிசையைத் தர மறுப்பதில் நியாயம் உண்டு.

இது சராசரிதான், கடைக்குக் கடை மாறும். பட்டியல் எழுதிக்கொண்டு வந்து வாங்கும் சாமானைவிட, கண்டதும் கை நீளும் தின்பண்டத்துக்கு இடத்தின் தாக்கம் கூடுதல். ஆனாலும் புதுச் சரக்குக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது மட்டும் தனிக் கதை. ஒற்றை வரிசையில் முன் பாக்கெட் ஒன்று சாய்ந்தால் போச்சு, முகமே இல்லை. இரண்டு வரிசை ஒட்டி நின்றால் ஒரே நிறம் இரட்டை அகலத்தில் திட்டாகத் தெரியும். ஒன்று சரிந்தாலும் மற்றது நிற்கும். அதனால்தான் இரண்டுக்குக் கீழே ஒத்துக்கொள்ளக் கூடாது, இரண்டுக்கு மேலே சண்டை போடவும் வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அந்த இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று என்று பிரிந்தால் அது இரண்டு ஒற்றை வரிசைதான்.

இப்போது தொட்டிக் கணக்கு. 13 செ.மீ. அகலமும், காற்றடைத்து உப்பிய நிலையில் 5 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். தட்டின் ஆழம் 30 செ.மீ. ஆக, ஒரு வரிசையில் 6 பாக்கெட் நிற்கும். இரண்டு வரிசையில் 12. தட்டில் பிடிக்கும் அகலம் 26 செ.மீ. கடையில் நாளுக்கு 3 பாக்கெட் போகிறது, சரக்கு வாரம் ஒருமுறை வருகிறது என்று வைப்போம். வாரத்துக்கு 21 வேண்டும். ஆனால் விற்பனை சொல்லிவைத்தாற்போல் 21இல் நிற்காது. சில்லறையாக, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வாங்கும் பொருளின் ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும். 21இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 4.6. அதைப்போல் இரு மடங்கு கூடுதலாக வைத்தால் 30 பாக்கெட். அவ்வளவு இருந்தால் பெரும்பாலான வாரங்களில் சரக்கு தீராது.

30க்கு 12 எங்கே! நாலாம் நாளே தட்டு காலி. காலியான இடம் சும்மா இருக்காது. கடைக்காரர் பக்கத்து நிறுவனத்தின் பாக்கெட்டை அங்கே தள்ளிவிடுவார், அடுத்த வாரம் சரக்கு வரும்போது நம் 26 செ.மீ. 13 ஆகியிருக்கும். இதில் யாருடைய சதியும் இல்லை. ஓட்டையாகக் கிடக்கும் தட்டு அவர் கண்ணை உறுத்துகிறது, அவ்வளவுதான்.

இதற்கு வழி, ஐந்து வரிசை கேட்பதல்ல. வாரம் ஒருமுறைக்குப் பதில் இருமுறை சரக்கு போடுவது. மூன்றரை நாளுக்கு 10.5 பாக்கெட், அதன் வர்க்கமூலம் 3.2, இரு மடங்கு சேர்த்தால் 17. இரண்டு வரிசையில் 12, மீதி 5 வேறெங்காவது தொங்கினால் போதும். தட்டில் இடம் வாங்குவதும் வண்டி அடிக்கடி வருவதும் ஒன்றுக்கொன்று மாற்று. சின்னக் கடையில் இரண்டாவதுதான் பெரும்பாலும் மலிவாக முடியும்.

அந்த ‘வேறெங்காவது’ என்பதற்குத்தான் சரம். 12 கொக்கி கொண்ட நீளப் பட்டையில் பாக்கெட்டுகளைக் கோத்துத் தட்டின் ஓரத்திலோ கல்லாவுக்குப் பக்கத்திலோ தொங்கவிடுவது. அது தரையிலோ தட்டிலோ இடம் கேட்பதில்லை. தட்டுச் சரக்கு தீர்ந்தாலும் பொருள் கண்ணில் இருந்துகொண்டிருக்கும். இரண்டு எச்சரிக்கை உண்டு. கடைக்காரர் கை நீட்டிச் சில்லறை கொடுக்கும் பாதையில் தொங்கினால் இரண்டே நாளில் கழற்றிப் போட்டுவிடுவார். வெயில் படும் வாசலில் தொங்கினால் எண்ணெயில் பொரித்த பண்டம் வெளிச்சத்தாலும் சூட்டாலும் சீக்கிரம் காறிப்போகும். ஒளியைத் தடுக்கும் வெள்ளிநிற உலோகப் பூச்சு உறையானால் வெளிச்சத்தின் கெடுதல் குறையும். சூடு மட்டும் எந்த உறைக்கும் அடங்காது.

எத்தனை என்பது முடிந்தது, இனி எங்கே. தட்டு நிர்வாகத்தைக் கடைகளில் சோதித்த 1994ஆம் ஆண்டின் பெயர்பெற்ற ஆய்வு ஒன்று, சரக்கு தீராத அளவுக்கு வரிசை இருந்துவிட்டால், அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இருக்கும் இடத்தை மாற்றுவதே பெரிய வித்தியாசம் தருகிறது என்று கண்டது. இதில் பார்வையின் சாய்வுக்கும் பங்கு உண்டு. நிற்பவரின் இயல்பான பார்வை நேர்கோட்டில் போகாது. ஏறத்தாழ 15 பாகை கீழே சாயும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கண் மட்டத்துக்கு 27 செ.மீ. கீழே அது விழும். குறுகிய சந்தில் 60 செ.மீ. தூரத்தில் நின்றால் 16 செ.மீ. கீழே. கண் மட்டம் 150 செ.மீ. என்றால் நல்ல உயரம் தரையிலிருந்து 123 முதல் 134 செ.மீ. ‘கண் மட்டத்தில் வை’ என்று சொல்லிச் சொல்லி அதற்கு மேல்தட்டில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. குழந்தைகள் கேட்டு வாங்கும் பண்டமானால் இந்தக் கணக்கை அவர்கள் உயரத்துக்கு இறக்கிப் போட வேண்டும்.

முன்னால் மேசை போட்டு, பின்னால் அலமாரி வைத்து, கேட்டதை எடுத்துக்கொடுக்கும் கடையில் தூரம் இரண்டு மீட்டர் இருக்கும். அங்கே உயரத்தைவிட எழுத்தின் அளவு முக்கியம். நல்ல பார்வை உள்ளவர் அவ்வளவு தூரத்தில் சிரமப்பட்டுப் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்தே கிட்டத்தட்ட 3 மி.மீ. உயரம் வரும். போகிற போக்கில் படிக்க அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். பெயர் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கடையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. நிறத்தைக் காட்டித்தான் கேட்பார்கள்.

அக்கம்பக்கம் பற்றி ஒரே விதிதான். அந்த வகையில் நன்றாக ஓடும் பாக்கெட்டுக்கு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் அதன் நிறத்தில் நிற்கக் கூடாது. பழகிய பாக்கெட்டைத் தேடி வரும் கண் அதற்கு அடுத்ததையும் தொட்டுவிட்டுப் போகும். இரண்டும் சிவப்பானால் புதியது பழையதின் மூன்றாவது வரிசை போலத் தெரியும். சோப்பு, சலவைத்தூள், ஊதுவத்தி அருகே இடம் காலி என்று தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாசனை மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஊடுருவி உள்ளே இறங்கும்.

தலையணை போல் உப்பிய பாக்கெட் தானாக நேரே நிற்காது. நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தாங்கும். பாதி விற்றதும் தாங்க ஆளில்லாமல் மிச்சம் பின்னால் சாயும். ஆக, ஆறில் மூன்று போனதுமே முகம் மறைந்துவிடுகிறது. முன்விளிம்பு தாழ்ந்த அட்டைத் தட்டு ஒன்று, வரிசைகளுக்கு நடுவே ஒரு தடுப்பு, பின்னால் முட்டுக் கொடுக்கக் காலி அட்டைப்பெட்டி: இவ்வளவும் இருந்தால் கடைசி இரண்டு பாக்கெட்டும் நிற்கும். முன்விளிம்பு பாக்கெட் உயரத்தில் கால் பங்கைத் தாண்டினால் பெயரை மறைக்கும், கவனம். புதுச் சரக்கு வரும்போது அது பின்னால் போக வேண்டும், பழையது முன்னால் வர வேண்டும். அவசரத்தில் முன்னால் திணித்துவிட்டால் காலாவதி பாக்கெட் அட்டையின் அடியில் பதுங்கிவிடும்.

எத்தனை சுவை என்பதும் இதே இடத்தில்தான் மோதுகிறது. நான்கு சுவையை ஆளுக்கொரு வரிசையாக வைத்தால் நான்குமே ஒற்றை வரிசை. ஒன்று தீர்ந்ததும் நடுவில் ஓட்டை. முதல் இரண்டு மாதம் இரண்டு சுவை, ஆளுக்கு இரண்டு வரிசை போதும்.

இத்தனையும் பலன் தந்ததா என்று பார்க்கச் சரக்கு அனுப்பிய கணக்கு உதவாது; அது கடைக்குள் போனதைச் சொல்கிறது, வெளியே போனதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வருகையிலும் பாக்கெட்டை எண்ண வேண்டும். முந்தைய இருப்பு, நடுவில் போட்டது இரண்டையும் கூட்டி, இன்றைய இருப்பையும் திருப்பி எடுத்ததையும் கழித்தால் உண்மையான விற்பனை. எத்தனை நாள் தட்டு காலியாக இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 7 நாளில் 12 விற்றது என்பதும், 4 நாளில் 12 விற்று 3 நாள் காலி என்பதும் ஒன்றல்ல. முன்னது நாளுக்கு 2க்கும் குறைவு; பின்னது 3.

இடத்தைச் சோதிக்க, ஒத்த அளவுள்ள 20 கடையை எடுத்துப் பத்தில் கல்லாப் பக்கச் சரமும் பத்தில் அது இல்லாமலும் இரண்டு வாரம் ஓட்டி, பிறகு மாற்றிப் போட்டு இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம். மாற்றிப் போடாவிட்டால் நல்ல தெருவில் இருக்கும் கடையின் புண்ணியம் சரத்தின் கணக்கில் ஏறிவிடும். தட்டு ஒழுங்காக நிற்கிறது, முகம் தெரிகிறது, சரக்கும் தீரவில்லை, ஆனாலும் மூன்றாம் வாரத்திலிருந்து விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது என்றால், வாங்கியவர்கள் மறுபடி வாங்கவில்லை என்று பொருள். அப்போதுதான் ருசியையும் விலையையும் எடுத்துப் பேச வேண்டும்.