சாம்பல்நிலை மாற்ற நேரம்: ‘1 மில்லி நொடி’ சொல்லாமல் விடுவது

விளையாட்டுக்கான மானிட்டர்களின் அட்டைப்பெட்டியில் ‘1 மில்லி நொடி, ஜிடிஜி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ‘கிரே டு கிரே’ என்பதன் சுருக்கமே ஜிடிஜி. ஒரு பிக்சல் ஒரு சாம்பல் அளவிலிருந்து இன்னொரு சாம்பல் அளவுக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறிக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று துணைப் பிக்சல்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் திரையில் சாம்பல் நிறம் தெரியும். 0 கறுப்பு, 255 வெள்ளை, இடையில் உள்ளவை எல்லாம் வெவ்வேறு அடர்த்தியுள்ள சாம்பல்.

இந்த அளவீடு முதலில் நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. 2001-இல் வெளியான ஐஎஸ்ஓ 13406-2 தரநிலை, கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போய் மறுபடி கறுப்புக்குத் திரும்பும் நேரத்தைக் கூட்டிச் சொன்னது. திரவப் படிகத் திரைக்கு அது சாதகமான சோதனை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிக அதிகம் என்பதால் படிக மூலக்கூறுகள் வேகமாகத் திரும்பிவிடும். ஒரு நடுத்தரச் சாம்பலிலிருந்து அதற்கு அடுத்த சாம்பலுக்குப் போகும்போது வேறுபாடு சிறியது, தள்ளுவிசையும் குறைவு. அதனால் சிறிய மாற்றத்துக்கே கூடுதல் நேரம் பிடிக்கும். விளையாட்டிலோ படத்திலோ பிக்சல்கள் செய்வது பெரும்பாலும் இத்தகைய இடைநிலை மாற்றங்கள்தான். ஆகவே சாம்பலுக்குச் சாம்பல் அளப்பது உண்மைக்கு நெருக்கமான முறை. ஆனால் எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்று பெட்டியில் எழுதுவதில்லை. பழுது அங்கேதான் தொடங்குகிறது.

0, 51, 102, 153, 204, 255 என ஆறு படிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 30 மாற்றங்கள் உண்டு. அவற்றில் மிக வேகமான ஒன்று 1 மில்லி நொடியில் முடிந்துவிட்டால் பெட்டியில் அந்த 1 ஏறிவிடும். மீதி 29-இல் சில 5 மில்லி நொடியும், சில 15 மில்லி நொடியும் எடுத்தாலும் அதைச் சொல்லும் இடம் பெட்டியில் இல்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு சட்டகம் 6.94 மில்லி நொடிதான் நிற்கும். 15 மில்லி நொடி எடுக்கும் மாற்றம் அதற்குள் முடியாது. அடுத்த இரண்டு சட்டகங்களிலும் பழைய படத்தின் மிச்சம் கலந்திருக்கும். திரவப் படிகத் திரைகளில் ஒரு வகையான விஏ திரைகளில், இருட்டுக் காட்சிகளின்போது உருவத்தின் பின்னால் கறுப்பு இழுவை தெரிவது இதனால்தான்.

கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. வழக்கமான முறையில் முதல் 10 விழுக்காட்டையும் கடைசி 10 விழுக்காட்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள 80 விழுக்காட்டை மட்டும் அளக்கிறார்கள். உணர்கருவியின் இரைச்சலைத் தவிர்க்க இது வசதியானது. ஆனால் அந்த விழுக்காடு திரையிலிருந்து வரும் ஒளியின் அளவில் கணக்கிடப்படும்போது, கண் பார்ப்பதோடு அது ஒத்துப்போவதில்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். பிக்சல் மதிப்பு ஏறும்போது ஒளி எந்த வளைவில் ஏறுகிறது என்பதைச் சொல்லும் எண் காமா. திரையின் காமா 2.2 என்றால், முழு வெள்ளையின் ஒளியில் 10 விழுக்காடு கிடைப்பது மதிப்பு ஏறத்தாழ 90 ஆகும்போதுதான். அதாவது 0-இலிருந்து 90 வரையிலான சாம்பல்கள், மொத்தப் படிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அளவீட்டுக்கு வெளியே போய்விடுகின்றன. மறுமுனையில் 90 விழுக்காடு ஒளி 243-இல் கிடைக்கிறது. அங்கே விடுபடுவது வெறும் 12 படிகள். இருளில் மறைந்திருக்கும் எதிரியைத் தேடும்போது கண் நம்பியிருப்பது அந்த 0-இலிருந்து 90 வரையிலான பகுதியைத்தான். கறுப்பிலிருந்து மூலக்கூறுகள் அசையத் தொடங்கும் மெதுவான கட்டமும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது விடுபடல் ஓவர்டிரைவ். 51-இலிருந்து 153-க்குப் போக வேண்டிய பிக்சலுக்கு, 153-க்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுக்காமல், ஒரு சட்டகம் மட்டும் அதைவிட அதிகமாகக் கொடுத்து விரட்டுவார்கள். அளவோடு செய்தால் இது பயனுள்ள உத்தி. அளவு மீறினால் பிக்சல் 153-ஐத் தாண்டி 180 வரைகூடப் போய்விட்டுத் திரும்பி வரும். கடிகாரமோ 90 விழுக்காட்டைத் தொட்டதுமே நின்றுவிட்டது, தாண்டியதும் திரும்பியதும் கணக்கில் இல்லை. கருநிற உருவம் ஒன்று நடுத்தரச் சாம்பல் பின்னணியில் நகரும்போது, அதன் பின்விளிம்பில் பின்னணியைவிட வெளிச்சமான கீற்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால், அதுதான் இந்தத் தாண்டல். பெட்டியில் உள்ள 1 மில்லி நொடி பெரும்பாலும் ஓவர்டிரைவின் மிகக் கடுமையான நிலையில் எடுத்த எண். அந்த நிலையில் யாரும் நிம்மதியாக விளையாட முடியாது.

புதுப்பிப்பு வீதம் ஏறி இறங்கும் திரைகளில் இது இன்னும் மோசமாகும். ஓவர்டிரைவை 144 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். விளையாட்டு 60 சட்டகத்துக்கு இறங்கும்போது, அதே கூடுதல் மின்னழுத்தம் 6.94-க்குப் பதிலாக 16.67 மில்லி நொடி நீடிக்கிறது, கீற்று தடிக்கிறது. வீதத்துக்கேற்ப ஓவர்டிரைவை மாற்றும் திரைகள் உண்டு. அந்த வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்பது நல்லது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்பதை ‘மறுமொழி நேரம்’ என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுட்டியை அழுத்தியதும் திரை எவ்வளவு விரைவில் பதிலளிக்கிறது என்று அது பொருள் தருகிறது. அது வேறு அளவு, ‘உள்ளீட்டுத் தாமதம்’. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ‘துலங்கல் நேரம்’ உயிரியல் பாடநூல்களில் தூண்டலோடு இணைந்து வரும் நல்ல சொல், ஆனால் இங்கே என்ன மாறுகிறது என்பதை அது காட்டவில்லை. ‘சாம்பல்நிலை மாற்ற நேரம்’ என்பதே என் தேர்வு. அதைச் சொன்ன உடனே ‘எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு?’ என்ற கேள்வி தானாக எழுகிறது.

எம்பிஆர்டி என்ற இன்னொரு எண்ணும் பெட்டிகளில் வருகிறது. அது நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் பற்றியது, சாம்பல்நிலை மாற்ற நேரம் அல்ல. ஓஎல்இடி திரையில் மாற்றம் 0.03 மில்லி நொடியில் முடிந்தாலும், 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 960 பிக்சல் நகரும் உருவம், அதைத் தொடரும் கண்ணுக்கு 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். ஒவ்வொரு சட்டகமும் அசையாமல் நிற்கும்போது கண் மட்டும் நகர்ந்துகொண்டே இருப்பதே காரணம். 240 ஹெர்ட்ஸில் அது 4 பிக்சலாகக் குறையும். இந்த மங்கலை மாற்ற நேரத்தால் தீர்க்க முடியாது.

கையில் இருக்கும் திரையைச் சோதிக்க testufo.com போதும். திரையைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு பாருங்கள், குளிர்ந்த திரவப் படிகம் மெதுவாகவே திரும்பும். ஓவர்டிரைவை ஒவ்வொரு நிலையாக மாற்றி, நகரும் உருவத்தின் பின்விளிம்பைக் கண்ணால் தொடருங்கள். கருமையான இழுவை குறைந்தும், வெளிச்சக் கீற்று இன்னும் தோன்றாமலும் இருக்கும் நிலையே பயன்படுத்தத் தக்கது, பெரும்பாலும் அது நடு நிலையாக இருக்கும். பிறகு பின்னணியை இருட்டாக்கி ஒருமுறை, புதுப்பிப்பு வீதத்தை 60-க்கு இறக்கி ஒருமுறை அதையே பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள், 30 மாற்றங்களையும் தாண்டல் அளவையும் தனித்தனியாக அட்டவணையிட்டு வெளியிடும் மதிப்பாய்வுகளைத் தேடுங்கள். அந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது மிக மெதுவான கட்டத்தை, அடுத்து அது எந்தச் சாம்பலிலிருந்து தொடங்குகிறது என்பதை.