ரேசி அட்டவணை: ஒரு வரிக்கு ஒரே ஒரு 'ஏ'

பல டீம்கள் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட்டில் வேலை தேங்கி நிற்கும்போது, போய் விசாரித்தால் "யார் செய்யணும்னு தெரியலை" என்று யாரும் சொல்வதில்லை. செய்ய வேண்டியவர் யார் என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "அவங்க ஓகே சொல்லட்டும்னு காத்திருக்கேன்" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்த 'அவங்க' யார் என்று கொஞ்சம் தோண்டினால் ஒருவர் இருவராவார், அப்புறம் அது ஒரு மீட்டிங்காகவே ஆகிவிடும். ப்ராஜெக்ட் மேனேஜராக நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இதற்காக இருப்பதுதான் ரேசி அட்டவணை. இடப்பக்கம் வேலைகளும் முடிவுகளும் வரிசையாக வரும். மேலே பொறுப்புகள் வரும். ஆள் மாறினாலும் அட்டவணை நிற்க வேண்டும் என்பதால் பெயர்களுக்குப் பதில் பொறுப்பை எழுதுவது நல்லது. கட்டங்களில் நான்கு எழுத்துகள். 'ஆர்' என்றால் வேலையைக் கையால் செய்பவர். 'ஏ' என்றால் அந்த வேலையின் விளைவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கடைசிச் சொல் அவருடையது. 'சி' என்றால் முடிவுக்கு முன்பு கருத்துக் கேட்கப்பட வேண்டியவர். 'ஐ' என்றால் முடிவான பிறகு தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர். சம்பந்தமே இல்லாதவருக்குக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஒருவரே 'ஏ'வாகவும் 'ஆர்' ஆகவும் இருக்கலாம், சிறிய வேலைகளில் அதுதான் இயல்பு. 'ஆர்' இரண்டு மூன்று பேர் இருந்தாலும் பாதகமில்லை. 'ஏ' மட்டும் ஒரு வரிக்கு ஒன்றே ஒன்று.

இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். அட்டவணையை நிரப்பும்போது யாரையும் விட்டுவிட மனம் வராமல் இரண்டு இடத்தில் 'ஏ' போட்டுவிடுவார்கள். அதன் விலை எப்போது தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம்.

ஒரு செயலியில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையும் முறையை மாற்றி, மொபைலுக்கு ஓடிபி அனுப்பும் முறையைக் கொண்டுவரும் ப்ராஜெக்ட். ப்ராடக்ட், இன்ஜினியரிங், பாதுகாப்பு, சப்போர்ட், மார்க்கெட்டிங் என ஐந்து டீம்கள். அட்டவணை ஆரம்பத்திலேயே போட்டாயிற்று. அதில் 'லாஞ்ச்' என்று ஒரு வரி. ப்ராடக்ட் தலைவருக்கு ஒரு 'ஏ', இன்ஜினியரிங் தலைவருக்கு ஒரு 'ஏ', மற்ற மூன்று டீமுக்கும் 'சி'. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

லாஞ்சுக்கு இரண்டு நாள் முன்னால் டெஸ்டிங்கில் ஒரு விஷயம் தெரியவந்தது: சில நேரங்களில் ஓடிபி தாமதமாக வருகிறது, அது வருவதற்குள் திரையில் நேரம் முடிந்துபோகிறது. "கொஞ்சம் பேருக்குத்தானே, வெளியிட்டுவிட்டுச் சரிசெய்யலாம்" என்றது ப்ராடக்ட். "சரிசெய்யாமல் விட முடியாது" என்றது இன்ஜினியரிங். இரண்டுமே தவறான வாதம் இல்லை. ஆனால் கடைசிச் சொல் தன்னுடையது என்று இரு தலைவர்களும் நம்பினார்கள். அட்டவணையும் இருவருக்கும் அப்படித்தான் சொன்னது. விஷயம் மேலிடத்துக்குப் போனது. நடுவில் மார்க்கெட்டிங், பழைய தேதியை நம்பி வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு மின்னஞ்சலை அனுப்பிவிட்டது.

இப்படி ஆன பிறகு பலரும் செய்வது, இரண்டு 'ஏ'வில் ஒன்றை அழிப்பது. அது அரைத் தீர்வுதான். ஒரு வரியில் இரண்டு 'ஏ' வந்தால், அந்த வரிக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம். 'லாஞ்ச்' என்பது ஒரு வேலையே இல்லை, பல முடிவுகளின் மூட்டை. அதைப் பிரித்ததும் கிடைத்தது இது:

| முடிவு அல்லது வேலை | ப்ராடக்ட் | இன்ஜினியரிங் | பாதுகாப்பு | சப்போர்ட் | மார்க்கெட்டிங் |
|---|---|---|---|---|---|
| எந்தத் தேதியில் வெளியிடுவது | ஏ, ஆர் | சி | சி | சி | ஐ |
| பாதுகாப்புச் சோதனைக்கு ஒப்புதல் | ஐ | ஆர் | ஏ | | |
| புது லாகினைப் படிப்படியாகத் திறப்பது | ஐ | ஏ, ஆர் | | ஐ | |
| பழைய லாகினுக்குத் திரும்பும் முடிவு | ஐ | ஏ, ஆர் | | ஐ | ஐ |
| வாடிக்கையாளருக்கான அறிவிப்பு | சி | | | சி | ஏ, ஆர் |

நான்காவது வரியைக் கவனியுங்கள். வெளியிடுவது என்ற முடிவு ப்ராடக்டிடம் இருக்கிறது. வெளியிட்ட பின் ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் முடிவு இன்ஜினியரிங்கிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கும் அட்டவணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. தேதி முடிவுக்கு யோசிக்க நேரம் உண்டு, வியாபாரக் கணக்கு அதில் முக்கியம். திரும்பும் முடிவோ நள்ளிரவில் சில நிமிடங்களில் எடுக்க வேண்டியது. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ப்ராடக்ட் தலைவரை எழுப்பி, திரையில் ஓடும் எண்களை விளக்கி, அனுமதி வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த வரியின் 'ஏ' இன்ஜினியரிங் தலைவர்கூட இல்லை, அன்றைக்கு ட்யூட்டியில் இருக்கும் இன்ஜினியர். பொறுப்பின் பெயரை எழுத வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்: 'ட்யூட்டி இன்ஜினியர்' என்று எழுதினால், யார் வந்தாலும் அதிகாரம் கூடவே வரும்.

ஆனால் அதிகாரம் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தத் தைரியம் வர வேண்டும். ஆகவே வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தோம்: பத்து நிமிடத்துக்கு மேல் நூற்றில் ஐந்து லாகின்கள் தோற்றால் யாரையும் கேட்காமல் திரும்பிவிடலாம், அப்புறம் தகவல் சொன்னால் போதும். எல்லையை முன்கூட்டியே பேசி எழுதிவிட்டால், ஜூனியர் இன்ஜினியர்கூட மறுநாள் காலை கூண்டில் நிற்க வேண்டியிருக்குமோ என்று தயங்க மாட்டார்.

அடுத்து 'சி'. ரேசியில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எழுத்து இதுதான். 'சி' கொடுத்தால் தடுக்கும் உரிமை கிடைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 'சி' உள்ளவரைக் கட்டாயம் கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சொன்னபடி செய்தாக வேண்டும் என்பதில்லை. இது சொல்லப்படாத வரை ஒவ்வொரு 'சி'யும் ஒரு வாயிற்காப்பாளர் ஆகிவிடுகிறார். அதைவிட மோசம், பதிலே சொல்லாத 'சி'. அதற்கு நாங்கள் வைத்த விதி: கேள்வியோடு கெடுவும் போகும், இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டம், பாதுகாப்பு, கணக்குத் தணிக்கை போன்ற டீம்களுக்குச் சில விஷயங்களில் உண்மையாகவே தடுக்கும் உரிமை இருக்கும், இருக்கவும் வேண்டும். அவர்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு 'சி' போட்டுவிட்டு, நடைமுறையில் அவர்களை 'ஏ' மாதிரி நடத்துவதுதான் குழப்பத்தின் வேர். அட்டவணையின் இரண்டாவது வரி அதற்காகத்தான். பாதுகாப்பு டீமின் ஒப்புதலைத் தனி வரியாக்கி, அதில் அவர்களையே 'ஏ' ஆக்கிவிட்டோம். அந்த வரி முடியாமல் புது லாகின் திறக்காது. ஆனால் தேதி பற்றிய வரியில் அவர்கள் வெறும் 'சி'தான். சோதனையில் சிக்கல் இருந்தால் தடுக்கலாம், "அந்த வாரம் எங்களுக்கு வேலை அதிகம்" என்று தேதியைத் தள்ள முடியாது.

'ஐ' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் சொல்வது, எதில் சொல்வது என்று எழுதாத 'ஐ' வெறும் எழுத்துதான். மேலே சொன்ன மின்னஞ்சல் குழப்பம், தேதி சிக்கலில் இருக்கிறது என்று மார்க்கெட்டிங்குக்கு யாரும் சொல்லாததால் வந்தது. பிறகு தேதி வரியின் 'ஏ'வே அதே நாளில் ப்ராஜெக்ட் குழுவில் எழுத வேண்டும் என்று வைத்தோம்.

அட்டவணையை நிரப்பும் விதத்தில் ஒரு சின்ன உத்தி. மேனேஜர் தனியாக உட்கார்ந்து நிரப்பி அனுப்பினால் எல்லோரும் "ஓகே" என்று பதில் போடுவார்கள், யாரும் படித்திருக்க மாட்டார்கள். வரிகளை மட்டும் எழுதி, கட்டங்களைக் காலியாக விட்டு, ஒவ்வொரு டீம் தலைவரிடமும் தனித்தனியாக நிரப்பச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகும் வரிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே வரியில் இருவர் தமக்கே 'ஏ' போட்டிருந்தால் அது நாளைய சண்டை. எல்லோரும் அடுத்தவருக்கு 'ஏ' போட்டிருந்தால் அது நாளைய அநாதை வேலை. மீட்டிங்கை அந்த வரிகளுக்காக மட்டும் கூட்டினால், நீண்ட அட்டவணையையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

முடித்ததும் மேலிருந்து கீழாகவும் ஒருமுறை படியுங்கள். ஒரே பத்தியில் 'ஏ' குவிந்திருந்தால் அந்த ஆள் விடுப்பில் போகும் நாளில் ப்ராஜெக்ட்டும் விடுப்பில் போகும். ஒரு பத்தி முழுக்க 'சி'யாக இருந்தால், அவரை எல்லா மீட்டிங்குக்கும் கூப்பிடப் போகிறீர்கள் என்று அர்த்தம். பாதியை 'ஐ' ஆக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

இந்த அட்டவணையால் முடியாத காரியமும் உண்டு. 'ஏ' எழுதிவிட்டு, அதற்கு வேண்டிய பணத்தையும் ஆளையும் வேறொருவர் கையில் வைத்திருந்தால், அந்த 'ஏ' பழி சுமக்கும் ஆள்தான். தேதி வரியின் 'ஏ' சொன்ன தேதியை மேலதிகாரி ஒரு போன் காலில் மாற்றுகிறார் என்றால், அட்டவணையில் அந்த மேலதிகாரியின் பொறுப்பையே 'ஏ' என்று எழுதிவிடுவது நேர்மை. அதை அவர் முன்னால் எழுதிக் காட்டும்போது, பல சமயம் அவரே "இல்லை, இது அவரிடமே இருக்கட்டும்" என்று பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பின்வாங்காவிட்டால், இனி தேதி முடிவுக்கு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதாவது டீமுக்குத் தெரிந்திருக்கும்.