ரத்தத்தில் கால்சியம் நார்மல், அப்புறம் ஏன் எலும்பு உடைந்தது?

"கால்சியம் டெஸ்ட் எடுத்தாச்சு சிஸ்டர், நார்மல்தான்." எலும்பு வார்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். கடைசியாகச் சொன்னவருக்கு 57 வயது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது நடுமுதுகில் சுளீரென்று பிடித்திருக்கிறது. வாயு என்று இரண்டு மாதம் தைலம் தேய்த்திருக்கிறார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை அமுங்கிப்போயிருந்தது. ரத்தக் கால்சியம் 9.2, நார்மல்தான்.

அந்த நார்மலுக்கு அர்த்தமே வேறு. உடம்பிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது துளி. ஆனால் அந்தத் துளி குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும் என்பதால், உடம்பு அதை 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் எப்படியாவது பிடித்து வைக்கும். சாப்பாட்டில் வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் போடும். ஆக, எலும்பு வருஷக்கணக்காகக் கரைந்துகொண்டிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். அப்படியானால் நாங்கள் ஏன் அந்த டெஸ்டை எடுக்கிறோம்? வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, சில எலும்பு ஊசிகளைப் போடுமுன் கால்சியம் குறைவாக இல்லை என்று உறுதி செய்துகொள்ள. எலும்பின் வலுவை அது சொல்லாது. அதைச் சொல்வது இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. இந்த அம்மாவுக்கு மைனஸ் 3.1.

எனக்குக் கோபம் வருவது இதற்கு முந்தைய கதையில். 43 வயதில் கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே மாதவிடாய் நிற்பதோடு எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடும், முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகக் குறையும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 51 வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். "விழுந்தா உடையத்தானே செய்யும்" என்றார் மகன். இல்லை தம்பி, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் காரணம் தேடியாக வேண்டும். அன்றைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் சிகிச்சையை ஆறு வருஷம் முன்னாடியே தொடங்கியிருக்கலாம். "நைட்டியெல்லாம் தரையில இழுபடுது சிஸ்டர்" என்றும் அந்த அம்மா சொன்னார். உயரம் குறைகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தவர்கள், ஒல்லியானவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள், நீங்களே டாக்டரிடம் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று வேளை காபியில் சேரும் பால், கொஞ்சம் மோர், சோறு, குழம்பு எல்லாம் சேர்த்தும் 400-ஐத் தாண்டவில்லை. காபிப் பாலைத் தவிர ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்தால் கூடுதலாக 350 போல வரும். 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ களியோ செய்தால் இன்னும் 170, 180. கிட்டத்தட்ட 900 ஆகிவிட்டது. முருங்கைக்கீரையோ முள்ளோடு சாப்பிடும் நெத்திலியோ இருக்கும் நாளில் இன்னும் கூடும். பாலக்கீரையை நம்பாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. மீதிக்கு ஒரு மாத்திரை போதும், பயந்துபோய் மூன்று போடாதீர்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டுவிட்டு வாந்தியோடு வருபவர்களும் உண்டு, தயவுசெய்து சீட்டைப் படியுங்கள்.

"நாள் பூரா வீட்டு வேலைதானே செய்யறேன்" என்பார்கள். அது சோர்வு தரும், எலும்புக்குத் தேவையான சுமையை அவ்வளவாகத் தராது. நடையும் தனியாகப் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். முதுகெலும்பு ஏற்கெனவே அமுங்கியவர்கள் மட்டும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி அவர்களுக்குக் கூடவே கூடாது, தரையிலிருந்து குடம் தூக்குவதும்தான். அந்த அம்மாவின் மகனிடம் குடத்தை நீங்கள் தூக்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.