பூஸ்டர் பம்ப் டக் டக்கென்று அடித்தால் முதலில் டேங்கில் காற்றைப் பாருங்கள்

மறுபடியும் ஒரு வீடு. குழாயைத் திறந்தால் மாடியில் இருக்கும் பூஸ்டர் பம்ப் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது, ஒரு வாளி நிறைவதற்குள் எண்ண முடியாத அளவுக்கு. ஏற்கெனவே ஒருவர் வந்து பிரஷர் ஸ்விட்ச்சை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். சில நாளில் புது ஸ்விட்ச்சும் அதேபோல் அடிக்க, அப்புறம் கெப்பாசிட்டரும் போய்விட்டது. பம்ப்போடு சேர்ந்திருக்கும் பிரஷர் டேங்கின் பின்பக்க மூடியை மட்டும் யாருமே கழற்றிப் பார்க்கவில்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்ச் அங்கே தப்பு எதுவும் செய்யவில்லை. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் பம்ப்பைப் போடு, 40க்கு ஏறினால் நிறுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்கினால் அதுவும் நொடிக்கு நொடி போட்டு நிறுத்தத்தான் செய்யும், நீங்கள் புதுசு வாங்கி மாட்டினாலும் அதையேதான் செய்யும். அழுத்தம் ஏன் அப்படித் துள்ளுகிறது என்பதுதான் கேள்வி. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். அந்த டேங்கில் ரப்பர் பைக்குள் தண்ணீரும், பைக்கு வெளியே காற்றும் இருக்கின்றன. காற்று கசிந்து போய்விட்டால் பை முழு டேங்கையும் அடைத்துக்கொள்ளும். அப்போது அது டேங்கே இல்லை, வெறும் குழாய் மாதிரி.

இந்த வீட்டில் 24 லிட்டர் டேங்க். காற்று சரியாக 18 பி.எஸ்.ஐ. இருந்தால், 40லிருந்து 20க்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீரை டேங்கே கொடுக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் போகும் ஷவர் என்றால் பம்ப் ஒரு நிமிடம் சும்மா இருக்கும். காற்று இல்லாவிட்டால் அந்த 8 லிட்டர் ஒரு டம்ளராகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் மோட்டார் ஓடும் கரண்டைப் போல பல மடங்கு இழுக்கும், ஸ்விட்ச்சின் பாயிண்டும் கருகும். கெப்பாசிட்டர் ஏன் போனது என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

காற்றைப் பார்க்கிறேன் என்று அந்தப் பின்பக்க மூடிக்குள் இருக்கும் காற்று வால்வில் கேஜை மாட்டி, "30 காட்டுது சார், காற்று நல்லா இருக்கு" என்பவர்களையும் பார்க்கிறேன். லைனில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போது கேஜ் அந்தத் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். முதலில் மெயினை அணையுங்கள், மேல்நிலைத் தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் வால்வை மூடுங்கள், கீழே ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியும்வரை விடுங்கள், திறந்தே வையுங்கள். அப்புறம் கேஜ். இந்த வீட்டில் அப்படிப் பார்த்தபோது பூஜ்யம்.

காற்று வால்வின் ஊசியை விரலால் அழுத்தினால் காற்று மட்டும் வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, பையைத்தான் மாற்ற வேண்டும், காற்று அடித்துப் பயனில்லை. இங்கே சொட்டுகூட வரவில்லை. சைக்கிள் பம்ப்பால் 18 வரை அடித்தோம், வால்வு மூக்கில் சோப்புத் தண்ணீர் வைத்தபோது மெல்லக் குமிழ் விட்டது, ஊசியை மாற்றி மறுபடி 18 வரை அடித்தோம். ஷவரைத் திறந்துவைத்தால் இப்போது கால் நிமிடம் ஓடுகிறது, ஒரு நிமிடம் நிற்கிறது.

காற்று எப்போதும் பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும். கூட அடித்தால் நல்லது என்று 25 வைக்காதீர்கள், பம்ப் எழுவதற்குள் டேங்க் காலியாகி ஷவர் ஒரு நொடி செத்துப் பிழைக்கும்.

ஸ்விட்ச்சின் நட்டுகளைத் திருகுவதை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூடிக்குள் கரண்ட் ஓடும் முனைகள் திறந்தே இருக்கின்றன. பெரிய ஸ்பிரிங்கை இறுக்கினால் போடும் அழுத்தம், நிறுத்தும் அழுத்தம் இரண்டுமே ஏறும். சின்னது நிறுத்தும் அழுத்தத்தை மட்டும் மாற்றும். பம்ப்பால் எட்ட முடியாத உயரத்துக்கு அதை வைத்துவிட்டால் பம்ப் நிற்கவே நிற்காது, குழாயை மூடியபின்னும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கடைந்து கொதிக்கவைக்கும், சீல் போய்விடும்.

யாரும் தண்ணீர் திறக்காமலே அரை மணிக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் அது வேறு கதை. ஃப்ளஷ் டேங்க் ஒழுகலாம், இல்லையென்றால் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்காமல் இருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்றைப் பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை மார்க்கரால் டேங்கின் மேலேயே எழுதிவையுங்கள், அடுத்து வருபவர் ஸ்விட்ச்சில் கை வைக்கும் முன் அதைப் படிக்கட்டும்.